விடை ஆ, விளக்கம் யாருக்கு?

"கேள்வித்தாள் நாலு செட்டும் ரெடி" என்றார் அவர், தட்டில் கடைசிக் கவளத்தை உருட்டிக்கொண்டே.

"அதுக்குள்ளயா? இப்பத்தானே பென்டிரைவைக் கொடுத்தேன்."

"ஒரு நிமிஷம்கூட ஆகல. பட்டனைத் தட்டினேன், கேள்வி ஒவ்வொண்ணுக்கும் நாலு விடையையும் குலுக்கிப் போட்டுடுச்சு. பக்கத்துல இருக்கிறவன்கிட்ட எழுத்தை மட்டும் கேட்டு மனப்பாடம் பண்ணினா அவனுக்கு முட்டைதான்."

"கீ?"

"கீயும், அதான் கீழ இருக்கிற விடைக் கட்டமும், தானாவே மாறிடும். நீ எதுக்கும் கவலைப்படாத. இன்னும் கொஞ்சம் ரசம் இருக்கா?"

ரசம் இருந்தது. ஊற்றினாள். அவரிடம் கேட்க நினைத்து வாய் வரைக்கும் வந்த இன்னொன்றை மட்டும் விழுங்கிவிட்டாள்.

அது போன திங்கட்கிழமை நடந்த பேச்சு. இன்று வெள்ளிக்கிழமை, ஆசிரியர் அறையில் கையில் ஒரு தாளோடு நின்றபோது, அந்தப் பேச்சின் ஒவ்வொரு சொல்லும் திரும்ப வந்து அவள் காதில் குத்தியது. அவள் பத்தாம் வகுப்பு உயிரியல் டீச்சர். அவர் அதே பள்ளியில் கணினி ஆசிரியர். தேர்வு வேலைக்கும் அவர்தான் பொறுப்பு. திருமணமாகிப் பதினொரு வருஷம். அதில் ஆறு வருஷம் ஒரே பள்ளியின் கூரைக்குக் கீழே. வீட்டில் "என்னங்க", பள்ளியில் "சார்". அவர் வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுவார், பள்ளியில் "டீச்சர்" என்பார். மற்ற ஆசிரியர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தாளைக் கொண்டுவந்தது பத்தாம் வகுப்பின் 'கேள்விக்குறி'. அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஒரு பாடவேளையில் பதினேழு சந்தேகம் கேட்டதிலிருந்து வகுப்பே அப்படித்தான் கூப்பிடுகிறது. அவளும் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிகிறாள்.

"மிஸ், மூணாவது கேள்வி. உட்சுவாசத்தின்போது உதரவிதானம் தளர்ந்து மேல்நோக்கி வளையுமா?"

"வளையாது. சுருங்கித் தட்டையாகும். வகுப்புல எத்தனை தடவை சொன்னேன்?"

"அப்படித்தான் நானும் எழுதினேன். நீங்க கொடுத்த விளக்கத் தாளைப் பார்த்துட்டு அடிச்சுட்டு மாத்தி எழுதிட்டேன்."

"என்னது, அடிச்சுட்டியா?"

"விளக்கத்துல 'விடை ஆ'ன்னு போட்டிருக்கு மிஸ். என் தாள்ல ஆ-ன்னா தளர்ந்து வளையிறது. கீழ விடைக் கட்டத்துல 'ஈ'ன்னு போட்டிருக்கு. ரெண்டுல எது சரின்னு கேட்டேன், எல்லாரும் சொன்னாங்க, கட்டம் கம்ப்யூட்டர் போட்டது, விளக்கம் மிஸ் எழுதினது, மிஸ்ஸைத்தான் நம்பணும்னு."

அந்தக் கடைசி வார்த்தை அவளைத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளைகள் அவளை நம்பி உதரவிதானத்தைத் தலைகீழாகப் படித்துவைத்திருக்கிறார்கள்.

தாளை மேசையில் விரித்தாள். வரும் திங்கட்கிழமைத் தேர்வுக்காக நேற்று கொடுத்த பயிற்சித் தாள், மூன்றாம் செட். இருபது கேள்விகள், முன்பக்கம். பின்பக்கம் அவள் எழுதிய விளக்கங்கள். ஒரே தாளில் அடங்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை கறாராகச் சொன்னதால், ஒவ்வொரு விளக்கத்திலும் அவள் விடையை முழுசாக எழுதாமல் எழுத்தை மட்டும் போட்டிருந்தாள். 'விடை ஆ. இதனால் மார்பறையின் கொள்ளளவு கூடி, நுரையீரலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. காற்று உள்ளே வருகிறது. அ-வில் சொல்லியிருப்பது வெளிச்சுவாசத்தில் நடப்பது.' அவள் எழுதிய வரிசையில் அது அட்சர சுத்தம். அவர் குலுக்கிய வரிசையில், அது பிள்ளைகளின் கையில் கொடுத்த பொய்.

குலுக்கும் கணினி நிரல், விடைகளின் இடத்தை மாற்றும், கீழே உள்ள விடைக் கட்டத்தையும் மாற்றும். வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் 'ஆ'வையும் 'அ'வையும் அதற்கு எப்படித் தெரியும்? அது தெரியவேண்டியது மனுஷனுக்கு. ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும்.

வேறு கேள்விகளையும் ஓட்டிப் பார்த்தாள்.

ஒன்பதாவது கேள்வி: நாம் வெளிவிடும் காற்றில் மிக அதிகமாக இருக்கும் வாயு எது? நைட்ரஜன். இதை எழுதி அவள் எவ்வளவு ஆசையாக விளக்கம் கொடுத்திருந்தாள். உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்குச் சுமார் இருபத்தொரு பங்கு, வெளியே வரும்போதும் பதினாறு பங்கு இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு வெறும் நாலு பங்குதான். நைட்ரஜன் போனபடியே திரும்பி வருகிறது. வெளிமூச்சு என்றால் முழுக்க கார்பன் டை ஆக்சைடு என்று நினைப்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. அந்த அழகான விளக்கத்தின் தலையில் 'விடை இ' என்று நின்றது. மூன்றாம் செட்டில் இ என்பது கார்பன் டை ஆக்சைடு.

பதினான்காவது கேள்வியைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காற்றுப்பைகள் வாயுப் பரிமாற்றத்துக்கு ஏற்றவை, ஏனெனில்... முதல் விடை: 'மேற்கண்ட அனைத்தும்.' அதற்கு மேலே இருந்தது கேள்வி மட்டும்தான்.

"இதுகூட எனக்கு சந்தேகமாத்தான் இருந்துச்சு மிஸ்" என்றாள் கேள்விக்குறி, பக்கத்தில் எட்டிப் பார்த்து. "மேல ஒண்ணுமே இல்லையே, எதைச் சொல்றாங்கன்னு."

"அதுக்காவது சந்தேகப்பட்டியே, போதும். போய் வகுப்புல உட்காரு. யாரும் அந்த விளக்கத்தைப் படிக்கவேண்டாம்னு சொல்லு."

"எல்லாரும் படிச்சுட்டாங்க மிஸ். நோட்டுல ஒட்டியும் வெச்சுட்டாங்க."

முதல் செட்டை மட்டும் குலுக்கவில்லை; அது அவள் எழுதிய வரிசையிலேயே இருந்தது. சரிபார்க்க அவள் கையில் வந்ததும் அந்த முதல் செட்தான். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. நாற்பது பேர் சரியாகப் படித்திருக்கிறார்கள். நூற்றிருபது பேர் மூச்சைத் தப்பாக விட்டுக்கொண்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை தேர்வு.

கணினி அறையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி கேட்டது. அவர் வாசலுக்கு வந்தார்.

"என்ன டீச்சர், முகம் இப்படி இருக்கு?"

தாளை நீட்டினாள். மூணாவது கேள்வியில் விரலை வைத்தாள்.

அவர் கீழே கட்டத்தைப் பார்த்தார். மேலே கேள்வியைப் பார்த்தார். "ஈ. சுருங்கித் தட்டையாகிறது. கீ சரியாத்தானே இருக்கு?"

"பின்பக்கம் பாருங்க."

பின்பக்கத்தைத் திருப்பினார். விளக்கத்தை அல்ல, அதன் எழுத்துருவை, இடைவெளியை, ஓரத்தைப் பார்ப்பது அவர் கண் போகிற விதத்திலேயே தெரிந்தது. "நல்லா வந்திருக்கே."

"சார், படிங்க."

அப்புறம்தான் படித்தார். உதட்டைப் பிதுக்கினார். "நீங்க ஏன் டீச்சர் விளக்கத்துல எழுத்தைப் போட்டீங்க? விடையையே எழுதியிருக்கலாமே?"

"இடம் போதாதுன்னு போட்டேன். இடம் போதாதுன்னு சொன்னதும் நீங்கதான்."

"அது சரி. ஆனா குலுக்கப் போறோம்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"குலுக்கினா கீ தானா மாறும்னு சொன்னீங்களே, விளக்கம் மாறாதுன்னு சொன்னீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும், உள்ள என்ன எழுதியிருக்கீங்கன்னு?"

கேள்வி என்னவோ சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அவளுக்கு, ஆறு வருஷமாக மூடிவைத்த ஒரு பானையின் மூடியை யாரோ கரண்டியால் தட்டிய மாதிரி இருந்தது. அதற்குள் எட்டாம் வகுப்பில் ஒருவன் "சார், மௌஸ் நகரல" என்று கத்த, அவர் உள்ளே போய்விட்டார்.

மதியத்துக்கு முன்பே செய்தி தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய்விட்டது. யாரோ ஒரு மாணவனின் அப்பா போன் பண்ணியிருந்தார்: மகன் சொல்வது ஒன்று, பாடப்புத்தகத்தில் இருப்பது ஒன்று, பள்ளியில் கொடுத்த தாளில் இருப்பது ஒன்று, எதை மனப்பாடம் செய்வது என்று.

இருவரும் மேசைக்கு முன் நின்றார்கள். தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. சளைக்காமல் வேலை செய்கிறவர், ஆனால் சிக்கல் என்று வந்தால் அதை அவிழ்க்கமாட்டார், கத்தரித்துவிடுவார்.

"விடை சொல்லுங்க, போதும். எதுக்கு இந்த விளக்கம்?" என்றார். "மத்த பாடத்துக்கெல்லாம் கீ மட்டும்தானே கொடுக்கிறாங்க? இனிமே உயிரியலுக்கும் கீ மட்டும். அ, ஆ, இ, ஈ. முடிஞ்சுது."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்தில் இருந்து வந்தது:

"அதுதான் மேடம் சுலபம். கீ தப்பவே தப்பாது."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் வெகுளியாக, ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்ட நிம்மதியோடு நின்றார். எதைத் தூக்கிக் குப்பையில் போடச் சம்மதித்தோம் என்று அவருக்கே தெரியாது. தெரிந்தே செய்திருந்தால்கூட மனசு இவ்வளவு வலித்திருக்காது.

"மேடம்" என்றாள் அவள். "ஈ-ன்னு மட்டும் சொன்னா, பிள்ளைங்க ஈ-ன்னு மட்டும்தான் படிப்பாங்க. பரீட்சைல விடை இடம் மாறினா அவ்வளவுதான். காற்று உள்ளே போறதால நெஞ்சு விரியுதுன்னு பாதிப் பேர் நினைக்கிறாங்க. அது தலைகீழ். முதல்ல நெஞ்சு விரியுது, உள்ள அழுத்தம் குறையுது, அப்புறம்தான் காற்று வருது. இதை 'ஈ'ங்கிற ஒத்தை எழுத்து எப்படிச் சொல்லும்? தப்பான விடை ஏன் தப்புன்னு சொல்ற மூணு வரிக்காகத்தான் பிள்ளைங்க அந்தத் தாளை நோட்டுல ஒட்டி வெச்சிருக்காங்க. வேற பாடத்துத் தாளை யாராவது ஒட்டி வெச்சிருக்காங்களா, கேட்டுப் பாருங்க."

தலைமை ஆசிரியை பேனாவை மூடித் திறந்தார். மறுபடி மூடினார்.

"மூணரை மணிக்குக் கடைசி மணி. அதுக்குள்ள சரியான தாள் என் மேசைக்கு வரணும். நூற்றறுபது பேர் கையிலயும் இன்னிக்கே போகணும். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு இருந்தாலும், அடுத்த வருஷத்துலேர்ந்து கீ மட்டும்தான். சரியா?"

"சரி மேடம்" என்றாள்.

"சரி மேடம்" என்றார் அவர், வழக்கமான உற்சாகத்தோடு.

மதியம் ஒன்றரை. கணினி அறை காலி. மின்விசிறி ஒன்று தலைக்கு மேலே கடகடவென்று ஆடியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, விரல்களைச் சொடுக்கிக்கொண்டார்.

"இதுக்கு இவ்வளவு பேச்சே தேவையில்ல. எந்தக் கேள்வில எந்த எழுத்து எதுவா மாறிச்சுன்னு நிரலுக்குத் தெரியும். விளக்கத்துலயும் அதே மாதிரி மாத்துன்னு நாலு வரி எழுதினா போதும்."

"பார்த்துப் பண்ணுங்க."

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?"

நாலு வரி எழுதினார். பட்டனைத் தட்டினார். மூன்று செட்டும் ஒரே மூச்சில் திரையில் வந்து நின்றன. "பார்த்தியா!" என்றார், வீட்டுப் பழக்கத்தில். நேராக அச்சு எந்திரத்துக்கு அனுப்பப் போனவரின் கையை அவள் பிடித்தாள்.

"இருங்க. என்ன இது?"

"என்ன?"

"'காற்றுப்பையின் சுவர் ஒரே ஒரு செல் தடிமன், அதனால் ஈக்சிஜன் எளிதாகப் பரவுகிறது.'"

அவர் கண்ணைச் சுருக்கினார்.

"இங்க பாருங்க, 'மார்பறைக்குள் இழுத்தம் குறைகிறது.' இங்க, 'அரத்தத் தந்துகிகள்.' என்னங்க இது, ஈக்சிஜனா? ஈ மொய்க்கிற ஆக்சிஜனா?"

விஷயம் புரிந்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆ-வை ஈ-ஆக மாற்று என்றால், நிரல் கண்ணை மூடிக்கொண்டு கண்ட இடத்தில் எல்லாம் மாற்றிவைத்திருந்தது. ஆக்சிஜனின் தலையையும் அழுத்தத்தின் தலையையும் இரத்தத்தின் தலையையும் சேர்த்துச் சீவிவிட்டது. "அரத்தம்! அரத்தால அறுத்தா ரத்தம் வரும்தான்" என்று அவர் குலுங்கிச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"அச்சுக்கு அனுப்பியிருப்பீங்க."

"அனுப்பலையே."

"நான் கையைப் பிடிக்கலைன்னா அனுப்பியிருப்பீங்க. நூற்றிருபது தாள். மேடம் மேசைக்கு ஈக்சிஜன் போயிருக்கும். அத்தோட என் விளக்கம் முடிஞ்சிருக்கும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். சுவரில் இருந்த கடிகாரம் ஒன்று ஐம்பது என்றது. கோபப்பட நேரம் இல்லை என்பதே அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது.

"தள்ளுங்க. எழுத்தே வேண்டாம்" என்றாள். "விளக்கத்துல அ, ஆ எதுவும் வராம திரும்ப எழுதறேன். நான் சொல்றேன், நீங்க அடிங்க. நீங்கதான் வேகமா அடிப்பீங்க."

"இடம் போதாதே?"

"நான் சுருக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். 'உதரவிதானம் சுருங்கித் தட்டையாகிறது. விலா எலும்பிடைத் தசைகள் விலாவை மேல்நோக்கியும் வெளிநோக்கியும் தூக்குகின்றன. மார்பறை விரிகிறது, அழுத்தம் குறைகிறது, காற்று உள்ளே பாய்கிறது. தளர்ந்து மேலே வளைவது வெளிச்சுவாசத்தில்.' முன்பு எழுதியதைவிட இது இன்னும் தெளிவாக வருவது அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததில் சந்தோஷப்பட மனசு வரவில்லை.

நாலாவது கேள்வியில் அவர் விரல் நின்றது.

"ஒரு நிமிஷம். 'அமைதியான வெளிச்சுவாசத்துக்குத் தசை சுருங்க வேண்டியதில்லை'ன்னு சொல்றே. மூச்சை வெளிய தள்ள எதுவும் வேண்டாமா?"

"வேண்டாம். உள்ளே இழுக்கிறப்ப நீட்டின நுரையீரல் ரப்பர் மாதிரி தானே சுருங்கிக்கும். ஓடினாலோ, ஊதினாலோ, இருமினாலோதான் வெளிய தள்ளவும் தசை வேணும்."

"ஓஹோ." தட்டினார். மறுபடி நின்றார். "அப்ப உள்ள வர்றப்பவும், காற்று வர்றதாலதானே நுரையீரல் விரியுது? பலூன் மாதிரி."

அவள் அவரையே பார்த்தாள். தலைமை ஆசிரியையிடம் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால், இதே மனுஷன் பக்கத்தில் நிற்க, இது தலைகீழ் என்றுதான் சொன்னாள். ஆறு வருஷமாக இதே கேள்விக்கு அவள் எழுதிய விளக்கத்துக்கு இவர்தான் ஓரம் சரிசெய்து, எண் போட்டு, அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்.

"மூக்கைப் பொத்துங்க" என்றாள்.

"என்ன?"

"வாயையும் மூடுங்க. ஆ, அப்படித்தான். இப்ப நெஞ்சை விரிச்சு மூச்சை இழுங்க."

அவர் இழுத்தார். கன்னம் ஒட்டியது. கண் விரிந்தது. கழுத்துக் குழி உள்வாங்கியது.

"காற்று வந்துச்சா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"ஆனா உள்ள ஒரு இழுப்பு இருக்குல்ல? அதுதான் அழுத்தம் குறையுறது. நெஞ்சு முதல்ல தன் வேலையைத் தொடங்கிடும். வழி திறந்திருந்தா காற்று பின்னாலேயே ஓடிவரும். பலூனை நீங்க ஊதி நிரப்பறீங்க. நுரையீரலை யாரும் ஊதல. விடுங்க, மூச்சு விடுங்க, செத்துடாதீங்க. இன்னும் பதினாறு கேள்வி இருக்கு."

"பொஸ்" என்று மூச்சு விட்டு அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "அட! நாற்பது வருஷமா மூச்சு விடறேன், இது தெரியாது பாரேன்."

அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. ஒரு கணம்தான். அடுத்த கணமே அது அடங்கிவிட்டது. இது தெரியாது என்பதில் அவளுக்கு வருத்தம் இல்லை. கணினிக்காரருக்கு எதற்கு உதரவிதானம்? ஆனால் இது எழுதப்பட்டிருந்தது. அவள் கையால் எழுதப்பட்டு, அவர் கை வழியாகத்தான் போயிருந்தது. பிள்ளைகள் நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள். யாரோ ஒரு மாணவனின் அப்பா, முகம் தெரியாத மனுஷர், வரி வரியாகப் படித்துப் போன் பண்ணுகிறார்.

போன வருஷம் பள்ளி ஆண்டு மலரில் அவள் ஒரு கட்டுரை எழுதினாள். மலரை வடிவமைத்தவர் அவர்தான். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, "எழுத்துரு எடுப்பா வந்திருக்கு, தலைப்புக்கு நீலம் போட்டேன் பார்த்தியா?" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அனுப்பிய நாலு பக்கக் கடிதத்துக்கு, "கிடைத்தது. நலம்" என்று பதில் போட்டவர். அதை அவள் பத்து வருஷமாகத் தன் தோழிகளிடம் ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜோக்காகச் சொல்லச் சொல்ல வலி தேய்ந்துவிடும் என்று நினைத்தாள்.

ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், செய்துவிடுவார். அது அவளுக்குத் தெரியும். அவர் மறுக்கத் தெரியாத மனுஷர். நடுராத்திரியில் தண்ணீர் வேண்டும் என்றால் எழுந்து போய்க் கொண்டுவருவார், அவள் காய்ச்சலில் படுத்தால் விடிய விடிய நெற்றியில் துணி போடுவார். ஆனால் இதைக் கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வீம்பு. தானாக ஒருநாள் எடுத்துப் படிப்பார் என்று ஒவ்வொரு வருஷமும் காத்திருந்தாள். காத்திருந்ததன் பலன், ஈக்சிஜன்.

"அடுத்தது சொல்லு" என்றார் அவர்.

சொன்னாள். காற்றுப்பையில் ஆக்சிஜன் மிகுதி, அதைச் சுற்றிய தந்துகிக்கு வந்து சேரும் இரத்தத்தில் குறைவு, அதனால் ஆக்சிஜன் மிகுதியிலிருந்து குறைவுக்குப் பரவுகிறது. கார்பன் டை ஆக்சைடு அதே காரணத்தால் எதிர்த்திசையில். உடல் தசைகளில் இது அப்படியே திரும்பி நடக்கிறது. அவர் தட்டிக்கொண்டே "அப்ப யாரும் இழுத்துட்டுப் போகல, தானாப் போகுது" என்று முணுமுணுத்தார். "ஆமா" என்றாள்.

பதினான்காவது கேள்வியில் 'மேற்கண்ட அனைத்தும்' போய் 'இவை அனைத்தும்' வந்தது. இனி எந்த இடத்தில் குலுக்கிப் போட்டாலும் அதற்குப் பொருள் உண்டு.

இருபதாவதை முடித்தபோது மூன்று மணி ஐந்து நிமிஷம். அவர் நாற்காலியில் சாய்ந்து, திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏய்" என்றார்.

"என்ன?"

"விளக்கத்துல எழுத்தே இல்லாததால, நாலு செட்டுக்கும் ஒரே விளக்கம் போதும். நாலு தனித்தனியா வேண்டாம். பின்பக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அது உண்மைதான். அவளுக்கு அது தோன்றவே இல்லை. இருபது விளக்கத்தையும் அவள் ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். அவர் நகலெடுக்கும் எந்திரத்துக்குத் தாள் அடுக்கப் போய்விட்டார். ஒரு தப்பும் இல்லை. மூன்றாவது கேள்வியை மட்டும் மூன்று தடவை பார்த்தாள்.

மூன்று இருபத்தைந்துக்குத் தாள் தலைமை ஆசிரியையின் மேசைக்குப் போனது. தலைமை ஆசிரியை கண்ணாடியை மூக்கில் இறக்கி, முன்னும் பின்னும் நிதானமாகப் பார்த்தார். ஒன்பதாவது கேள்வியில் நின்று, "நாம விடற மூச்சுல பதினாறு பங்கு ஆக்சிஜனா இருக்கு?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். அதனாலதான் மயங்கி விழுந்தவங்களுக்கு நம்ம மூச்சை ஊதினா அது உதவுது."

"ம்." தாளைக் கீழே வைத்தார். "கொடுத்துடுங்க. ஆனா அடுத்த வருஷம் விளக்கம் வேணுமா வேண்டாமாங்கிறதை நான் அப்புறம் சொல்றேன். இன்னிக்கு எனக்கு வந்த போனெல்லாம் நீங்க கேட்கல."

ஆகவே ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. அந்தரத்தில் தொங்கவிட்டார்.

மணி அடித்தது. தாழ்வாரத்தில் நூற்றறுபது பிள்ளைகளும் முண்டியடித்துப் புதுத் தாளை வாங்கினார்கள். கேள்விக்குறி வாங்கிய கையோடு நின்றபடியே பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள், அவள் நகரவில்லை. பாதியில் தலையைத் தூக்கி, "மிஸ், நாலாவதுல ஒரு சந்தேகம்" என்றாள். "திங்கட்கிழமை காலைல சீக்கிரம் வா" என்று அனுப்பிவைத்தாள்.

கூட்டம் வடிந்தது. மிஞ்சிய பத்துப் பதினைந்து தாள்களை அவர் தட்டி அடுக்கி, ஓரம் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்பாடா. ஒரு வழியா முடிஞ்சுது" என்றார். "ஒண்ணும் கவலைப்படாத. அடுத்த தடவை இந்த மாதிரி வராது. விளக்கத்துல தனி எழுத்து எங்கயாவது இருந்தா சிவப்பு வண்ணத்துல காட்டுற மாதிரி நிரல்ல ஒரு சோதனை வெச்சுடறேன். அதுவே பார்த்துக்கும்."

அதுவே பார்த்துக்கும்.

அவள் பையைத் தோளில் மாட்டினாள். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போகும் படியில் இரண்டு படி இறங்கினாள். நின்றாள். இன்றைக்கும் விழுங்கினால், அடுத்த வருஷம் விளக்கமே இருக்குமோ இருக்காதோ, விழுங்குவதற்குக்கூட எதுவும் மிஞ்சாது.

"என்ன நின்னுட்ட? தலை வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம்?"

தாழ்வாரத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் அவள் நிறுத்தியிருக்க மாட்டாள்.

"உங்க சோதனை வேண்டாம்" என்றாள். "நிரல் பார்க்கவேண்டாம். நீங்க பாருங்க. நான் எழுதறதை, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி, என் பக்கத்துல உட்கார்ந்து, ஓரத்தையும் எழுத்துருவையும் விட்டுட்டு, முதல் வரிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் ஒரு தடவை படிங்க. தப்பு கண்டுபிடிக்க இல்லங்க. நான் என்ன சொல்லியிருக்கேன்னு தெரிஞ்சுக்கப் படிங்க. பதினொரு வருஷமா இதைக் கேட்கணும்னு இருக்கேன்."